கட்டிப்போட்ட குதிரை

அந்தப் பையனுக்கு ஒன்பது வயது இருக்கும். உட்கார்ந்தால் பலகையின் மறுகோடி கைக்கு எட்டாது என்பதால் நாற்காலியில் முட்டிபோட்டுக்கொண்டு ஆடினான். ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த சாதாரணப் போட்டி அது. எனக்குக் கறுப்புக் காய்கள். ஆறாவது நகர்வில் அவன் தன் பிஷப்பைத் தூக்கி, என் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ராஜாவைச் சீக்கிரம் பத்திரப்படுத்து என்று சின்ன வயதில் கற்றுக்கொண்ட பாடத்தை நினைத்துக்கொண்டு, கேஸ்லிங் செய்தேன். அவன் யோசிக்கக்கூட இல்லை. அவனுடைய இன்னொரு குதிரை பலகையின் நடுவில் வந்து குதித்தது. இருபத்தேழாவது நகர்வில் நான் கைகொடுத்துவிட்டு எழுந்தேன்.

வெளியே வராந்தாவில் அவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். எங்கே தப்பு விட்டேன் என்று கேட்டேன்.

"அங்கிள், மொதல்ல h6 ஆடி பிஷப்பைக் கேக்கணும். கேஸ்லிங் அப்புறம்தான்."

"ஏன், அப்புறம் கேக்கக் கூடாதா?"

"கேஸ்லிங் பண்ணிட்டா அப்புறம் g5 தள்ள முடியாதுல்ல?" என்றான், இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு.

அந்த ஒரு வரியில் விஷயம் முக்கால்வாசி இருக்கிறது. மீதியைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் பெயர்கள். பயிற்சி வகுப்புகளில் இதை 'பின்' என்பார்கள். குண்டூசியால் குத்திவைத்த மாதிரி ஒரு காய் அசைய முடியாமல் நிற்பது. தமிழில் எழுதும்போது 'பின்' என்றால் முன்னா பின்னா என்று குழப்பம் வருகிறது. அதனால் நான் 'கட்டு' என்றே சொல்கிறேன். அசைய முடியாமல் நிற்பது குதிரை என்பதால் பொருத்தமாகவும் இருக்கிறது. முளையடித்துக் கட்டிய குதிரை. மற்ற காய்களுக்கு நம் வீடுகளில் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் நிற்பது யானை. சாய்வாக ஓடுவது பிஷப். கட்டங்களுக்கு வெள்ளையின் இடது கையிலிருந்து வலப்பக்கமாக a முதல் h வரை எழுத்து, வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை எண்.

எங்கள் ஆட்டம் வந்து நின்ற இடம் இதுதான். எந்தச் செஸ் செயலியிலும் இதைத் தட்டினால் பலகை அப்படியே வரும்.

```
1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Bc5
4.d3 Nf6 5.Nc3 d6 6.Bg5
```

இத்தாலிய ஆட்டம் என்று அழைக்கப்படும் தொடக்கத்தின் சாதுவான வகை இது. இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி காய்களை நிறுத்தியிருக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. வெள்ளையின் பிஷப் g5-இல் வந்து நிற்கிறது. அங்கிருந்து சாய்வாகக் கோடு போட்டால் முதலில் f6-இல் கறுப்புக் குதிரை, அடுத்து e7 காலி, அதற்கடுத்து d8-இல் கறுப்பு ராணி. குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். கட்டு என்பது அவ்வளவுதான்.

இந்தக் குதிரை சாமானியக் குதிரை இல்லை. கறுப்பு ராஜா கேஸ்லிங் செய்து g8-க்குப் போனதும், அவருக்கு முன்னால் நிற்கும் காவல்காரன் இதுதான். h7-க்கு வரும் தாக்குதலையும், h5, g4 வழியாக எதிரி ராணி உள்ளே நுழைவதையும் இதுதான் பார்த்துக்கொள்கிறது. வாசல் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைவது பழைய திருட்டு முறை.

ஆனால் கட்டு விழுந்த உடனே பயப்பட ஒன்றுமில்லை. குதிரையைத் தாக்குவது ஒரே ஒரு பிஷப். குதிரையைக் காப்பது ராணியும் g7 சிப்பாயும். பிஷப் குதிரையை அடித்தால் ராணி திருப்பி அடித்துவிடும், கணக்கு சரியாகிவிடும். ஆபத்து இரண்டாவது ஆள் வரும்போது ஆரம்பிக்கிறது. அந்த இரண்டாவது ஆள் c3-இல் காத்திருக்கும் வெள்ளைக் குதிரை. அது d5-க்குத் தாவினால் f6-ஐ இரண்டு பேர் பார்க்கிறார்கள். இப்போது வெள்ளைக் குதிரை f6-ஐ அடித்தால் அது ராஜாவுக்குச் செக். ராணியால் திருப்பி அடிக்கலாம், ஆனால் g5 பிஷப் ராணியைத் தின்றுவிடும். பிஷப் முதலில் அடித்தாலும் அதே கதை, ராணி திருப்பி அடித்தால் d5 குதிரை அவளைத் தூக்கிவிடும். ஆக ராணி காவலுக்கு நிற்பது வெறும் பொம்மைக் காவல். உண்மையில் அடிக்க முடிந்தது g7 சிப்பாய் மட்டும். அந்தச் சிப்பாயோ ராஜா வீட்டுக் கதவு. அது f6-க்குப் போய்விட்டால் g வரிசை திறந்தபடி கிடக்கும்.

எனக்கு நடந்தது அப்படியே இதுதான். கேஸ்லிங் செய்தேன், குதிரை d5-க்கு வந்தது. நானும் அவனைப் பார்த்து என் பிஷப்பை g4-க்குக் கொண்டுபோய் அவன் குதிரையைக் கட்டினேன், பழிக்குப் பழி என்று நினைத்துக்கொண்டு. அவன் f6-ஐ அடித்தான். நான் g சிப்பாயால் திருப்பி அடித்தேன். அவன் பிஷப் h6-இல் வந்து உட்கார்ந்துகொண்டு என் யானையை மிரட்டியது. யானையை e8-க்கு நகர்த்தினேன். பிறகு அவன் h3, g4 என்று இரண்டு சிப்பாய்களைத் தள்ளி என் பிஷப்பை g6-க்கு விரட்டிவிட்டு, குதிரையை h4-இல் வைத்தான். அது f5-க்குப் போகப்போகிறது, அங்கே போனால் என்னால் அதைக் கிளப்பவே முடியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவ்வளவையும் அவனால் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவன் இன்னும் கேஸ்லிங் செய்யவில்லை. அவன் சிப்பாய்களைத் தள்ளியபோது அவன் ராஜாவுக்கு முன்னால் எதுவும் திறக்கவில்லை. என்னுடையவர் மட்டும் கதவில்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டு எல்லாத் தொடக்கங்களிலும் இவ்வளவு கடிப்பதில்லை. ராணிப் பக்கச் சிப்பாய்த் தொடக்கங்களில் வெள்ளை இதே g5-க்கு பிஷப்பைக் கொண்டுவரும்போது, கறுப்பு பெரும்பாலும் தன் பிஷப்பை f8-இலிருந்து e7-க்கு ஒரு கட்டம் நகர்த்துகிறது. ராணிக்கும் குதிரைக்கும் நடுவில் ஆள் நின்றாகிவிட்டது, கட்டு அவிழ்ந்தது, வேலை முடிந்தது. இத்தாலிய ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. கறுப்பு பிஷப் c5-க்குப் போய்விட்டது, பின்னாலேயே d6-இல் சிப்பாயும் வந்து கதவைச் சாத்திவிட்டது. அந்த பிஷப் e7-க்குத் திரும்பிவர வழியில்லை. d6 ஆடும்போதே இதை நினைத்திருக்க வேண்டும். கட்டின் வலி பிஷப் வந்த நகர்வில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய நகர்வுகளில் தொடங்குகிறது.

சரி, அந்த இடத்தில் என்ன ஆடியிருக்க வேண்டும்? பையன் சொன்னதுதான். கேஸ்லிங்கைத் தள்ளிப்போட்டு h6. 'நிற்கிறாயா, போகிறாயா?' என்று பிஷப்பைக் கேட்பது. ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய்களைத் தொடாதே என்று எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் ராஜா இன்னும் e8-இல் இருக்கிறார், g8-க்குப் போகவில்லை. h சிப்பாய் இப்போதைக்கு யாருக்கும் கதவு இல்லை.

பிஷப்புக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. e3 பக்கம் திரும்பிப் போனால் கட்டு தானாகவே போய்விட்டது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. குதிரையை அடித்துவிடுவது இன்னொரு வழி. ராணி f6-இல் திருப்பி அடிக்கும். இப்போது வெள்ளைக் குதிரை d5-க்கு வந்து ராணியைத் துரத்தும். இங்கே ஒரு சின்னக் கவனம் வேண்டும். அந்தக் குதிரை ராணியை மட்டும் பார்க்கவில்லை, c7-ஐயும் பார்க்கிறது. அங்கே குதித்தால் செக்கோடு சேர்ந்து மூலை யானையும் போய்விடும். அதனால் ராணி நேராக d8-க்குத் திரும்பி c7-ஐக் காக்க வேண்டும். பார்க்கக் கோழைத்தனமாக இருக்கும், ஆனால் அதுதான் சரியான இடம். வெள்ளை c3 ஆடி நடுவில் d4 தள்ளத் தயாராகும். கறுப்பு தன் குதிரையை c6-இலிருந்து e7-க்குக் கொண்டுவந்து d5 குதிரையோடு மாற்றிக்கொள்ளப் பார்க்கும். கறுப்புக்கு இரண்டு பிஷப்புகளும் கையில் இருக்கின்றன, சிப்பாய் வரிசை உடையவில்லை. சமமான ஆட்டம். இந்தப் பாதைக்குக் கனால் வகை என்று பெயர். பெருவில் பிறந்து இத்தாலியில் வாழ்ந்த எஸ்தேபன் கனாலின் பெயரால் வந்தது.

மூன்றாவது வழிதான் சுவாரசியமானது. பிஷப் h4-க்கு ஒரு கட்டம் பின்வாங்கி, கட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இப்போது கறுப்பு g5 தள்ளுகிறது. பிஷப் g3-க்கு ஓடியாக வேண்டும். கட்டு அறுந்தது. அதோடு, g3-இல் உட்கார்ந்த பிஷப்புக்கு முன்னால் e5-இல் கறுப்புச் சிப்பாய் கல்லாக நிற்கிறது. பிஷப்புக்குக் கொஞ்ச நேரத்துக்கு வேலையே இல்லை.

இதற்கு விலை உண்டு, இலவசம் இல்லை. g சிப்பாய் முன்னேறியதால் f5, h5 கட்டங்களை இனி எந்தச் சிப்பாயும் காக்காது. ராஜாவை அந்தப் பக்கம் கொண்டுபோவது இனி புத்திசாலித்தனம் இல்லை. நடுவில் கொஞ்சம் வைத்திருந்து, பிறகு ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்யத் தயாராக இருக்க வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் g5 தள்ளாதீர்கள். பிஷப்பை e6-இல் நிறுத்தி d5 கட்டத்தைக் காவல் காக்கலாம். இரண்டாவது ஆள் உட்கார இடமில்லாவிட்டால் கட்டு வெறும் மிரட்டல்தான்.

g5 தள்ளுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய ஆட்டம் இருக்கிறது. ஆட்டத் தொகுப்புகளில் 1874 என்று பதிவாகியிருப்பது. கறுப்புக் காய்களில் ரஷ்யாவின் மிகைல் சிகோரின். இவர் பிற்காலத்தில், 1889-லும் 1892-லும், ஹவானாவில் ஸ்டெய்னிட்ஸோடு உலகப் பட்டத்துக்கு மோதியவர். வெள்ளையில் விக்டர் நோர் என்ற வானியலாளர். 1876-ல் கொரோனிஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தவர். வானத்தில் அத்தனை தூரத்தில் நகர்ந்ததைப் பார்த்தவர், பலகையில் கையெட்டும் தூரத்தில் வந்ததைக் கவனிக்காமல் விட்டார் என்று கிண்டல் செய்யத் தோன்றும். ஆனால் அவர் விழுந்த பள்ளத்தில் இன்றும் வாரந்தோறும் யாராவது விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

```
1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Bc5 4.O-O Nf6
5.d3 d6 6.Bg5 h6 7.Bh4 g5 8.Bg3 h5
9.Nxg5 h4 10.Nxf7 hxg3 11.Nxd8 Bg4
12.Qd2 Nd4 13.Nc3 Nf3+ 14.gxf3 Bxf3
```

நான்காவது நகர்வைப் பாருங்கள். நோர் கேஸ்லிங் செய்துவிட்டார். சிகோரின் செய்யவில்லை. அதன் பிறகு ஆறாவது நகர்வில் நோர் g5-க்கு பிஷப்பைக் கொண்டுவருகிறார். என் ஆட்டத்துக்கு நேர் தலைகீழ். கட்டுகிறவரின் ராஜா g1-இல் போய் உட்கார்ந்தாகிவிட்டது, கட்டுப்பட்டவரின் ராஜா நடுவில் இருக்கிறார், அவருடைய யானை h8-இல் அப்படியே நிற்கிறது. அந்த யானையின் முகம் வெள்ளை ராஜாவின் வீட்டுப் பக்கம்.

h6, g5 என்று விரட்டியதும் பிஷப் g3-க்கு வந்தது. சிகோரின் நிறுத்தவில்லை, h5 என்றார். அடுத்து h4 தள்ளினால் பிஷப்புக்குப் போக இடமே இல்லை. பின்னால் h2-விலும் f2-விலும் சொந்தச் சிப்பாய்கள், முன்னால் f4-ஐக் கறுப்புச் சிப்பாய்கள் பார்க்கின்றன. நோர் அதைக் கண்டுகொள்ளாமல் குதிரையால் g5 சிப்பாயை அடித்தார், f7-இல் கண்ணை வைத்து. சிகோரின் h4 தள்ளினார். குதிரை f7-ஐ அடித்து, ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் மிரட்டியது. இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் ராணியை எடுத்துக்கொண்டு ஓடுவோம். சிகோரின் g3 பிஷப்பை அடித்தார். ராணியை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

நோர் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் ராஜா தப்பிக்கவில்லை. கறுப்பு பிஷப் g4-க்கு வந்து வெள்ளை ராணியைத் துரத்தியது, குதிரை d4-க்கு வந்தது, அங்கிருந்து f3-இல் செக். அந்தக் குதிரையை அடிக்காமல் ராஜா h1-க்குப் போனால் யானை h2-வில் அடித்து மேட். நோர் சிப்பாயால் அடித்தார், பிஷப் திருப்பி அடித்தது, பலகை முடிந்தது. g3-இல் இருக்கும் சிப்பாயை h சிப்பாயால் எடுத்தால் யானை நேராக h1-க்கு வந்து மேட். எடுக்காவிட்டால் அந்தச் சிப்பாயே h2-வில் அடித்து மேட். f சிப்பாயால் எடுக்கலாமே என்றால், முடியாது. c5 பிஷப் அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. குதிரையைக் கட்ட வந்தவர் கடைசியில் தானே கட்டுப்பட்டு நின்றார். ராணி இல்லாமலே கறுப்பு ஜெயித்தது.

அதனால்தான் சொல்கிறேன், கட்டு விழுந்ததும் கட்டிய பிஷப்பைப் பார்க்காதீர்கள். இரண்டு ராஜாக்களும் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ராஜா நடுவிலும் எதிரி ராஜா அந்தப் பக்கமும் இருந்தால் சிப்பாய்களைத் தள்ளுவது உங்களுக்குத் தாக்குதல். உங்கள் ராஜாவே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தால் அதே தள்ளல் கதவைப் பெயர்த்து எறிவது.

பெயர்த்து எறிந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். மேலே சொன்ன முதல் நிலையில் கறுப்பு h6 ஆடி, பிஷப் h4-க்குப் போனதும் கேஸ்லிங் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராணியை d2-வுக்குக் கொண்டுவருகிறது. இப்போது கறுப்புக்குப் பொறுமை போய் g5 தள்ளுகிறது. வெள்ளை பின்வாங்காமல் குதிரையால் g5-ஐ அடிக்கும். h சிப்பாய் குதிரையை எடுக்கும். பிஷப் அந்தச் சிப்பாயை எடுத்துக்கொண்டு மறுபடியும் g5-இல் உட்கார்ந்துவிடும். ஒரு குதிரைக்கு இரண்டு சிப்பாய், கணக்கில் வெள்ளைக்கு நஷ்டம். ஆனால் கட்டு திரும்பி வந்துவிட்டது, இந்த முறை அந்த பிஷப்பை விரட்ட ஒரு சிப்பாய்கூட மிச்சமில்லை. ராஜா g7-க்கு வந்து குதிரையைக் காக்கப் பார்த்தால், வெள்ளைக் குதிரை d5-இல் குதிக்கும். அடுத்த நகர்வில் f6 குதிரை போய்விடும். கொடுத்த குதிரை திரும்பி வந்தது, இரண்டு சிப்பாய் லாபம், எதிரி ராஜா திறந்தவெளியில்.

நுணுக்கமாக ஆடுகிறவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். வெள்ளைக் குதிரை g5-இல் அடித்து நிற்கும் அந்த ஒரு கணத்தில் அது தன் பிஷப்பின் பாதையைத் தானே மறைக்கிறது. அதாவது கயிறு ஒரு நகர்வுக்குத் தளர்கிறது. அப்போது கறுப்புக் குதிரை f6-இலிருந்து பாய்ந்து e4 சிப்பாயை அடிக்கலாமே? அடிக்கலாம், நல்ல கேள்விதான். வெள்ளை அவசரப்பட்டு g5 குதிரையால் அதைத் திருப்பி அடித்தால், பாதை திறந்து கறுப்பு ராணி h4 பிஷப்பைத் தின்றுவிடும், கணக்கு சமமாகிவிடும். ஆனால் c3 குதிரையால் அடித்தால் கதை வேறு. கறுப்பு g5 குதிரையை எடுக்கும், பிஷப் g5-இல் திரும்ப எடுத்து ராணியைத் துரத்தும், அடுத்து e4 குதிரை f6-இல் செக் கொடுக்கக் காத்திருக்கிறது. எந்தக் குதிரையால் அடிப்பது என்ற ஒரு முடிவில் ஆட்டமே தொங்குகிறது. g5-இல் குதிரையைக் கொடுக்கும் முன் இந்த ஒரு கிளையையாவது எண்ணிப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

கட்டுப்படுவது உங்கள் வெள்ளைக் குதிரையாக இருந்தாலும் நியாயம் இதுவேதான். ரூய் லோபஸ் தொடக்கத்தின் மாற்று வகையில் ஒரு பழைய பொறி உண்டு. வெள்ளை ஐந்தாவது நகர்வில் கேஸ்லிங் செய்கிறது, கறுப்பு உடனே g4-க்கு பிஷப்பைக் கொண்டுவந்து f3 குதிரையைக் கட்டுகிறது.

```
1.e4 e5 2.Nf3 Nc6 3.Bb5 a6 4.Bxc6 dxc6
5.O-O Bg4 6.h3 h5
```

வெள்ளை h3 ஆடி பிஷப்பைக் கேட்கிறது. பிஷப் போகவில்லை. கறுப்பு h5 தள்ளி, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்கிறது. இலவசமாக ஒரு பிஷப். எடுத்தால் h சிப்பாய் g4-இல் திருப்பி எடுக்கும், h8 யானைக்கு முன்னால் பாதை நீளமாகத் திறக்கும், தாக்கப்பட்ட f3 குதிரை நகர்ந்தாக வேண்டும். அது e5 சிப்பாயை அடித்துக்கொண்டு போனால் கறுப்பு ராணி h4-க்கு வரும். வெள்ளை f4 தள்ளி ராஜாவுக்கு வழி திறக்கப் பார்த்தால், கறுப்பு g3 தள்ளி அந்த வழியை அடைத்துவிடும். இங்கேயும் பாருங்கள், எதிரியின் யானை h8-இல், அவர் ராஜா நடுவில், உங்கள் ராஜா அந்தப் பக்கம். வெள்ளை அந்த பிஷப்பைத் தொடாமல் அமைதியாக d3 ஆடினால் போதும்.

கட்டைப் பற்றி இன்னொரு பழைய கதை சொல்லாமல் முடிக்க முடியாது. f6 குதிரையோ f3 குதிரையோ ராணியோடு கட்டப்பட்டிருக்கும்போது, விதி அதைத் தடுக்கவில்லை. நகர்ந்தால் ராணி போகும், அவ்வளவுதான். ராஜாவோடு கட்டப்பட்ட காய்தான் விதிப்படியே நகர முடியாது. இந்த வித்தியாசத்தில் வாழ்ந்தவர் 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரர் லெகால், ஃபிலிதோரின் ஆசிரியர். அவர் பெயரில் இருக்கும் மேட்டில் வெள்ளைக் குதிரை கட்டை மதிக்காமல் e5 சிப்பாயை அடிக்கிறது. எதிராளி ஆசையாக ராணியை எடுக்கிறார், பிஷப்பும் இரண்டு குதிரைகளும் சேர்ந்து நடுப்பலகையிலேயே அவர் ராஜாவை மடக்கிவிடுகின்றன.

```
1.e4 e5 2.Nf3 d6 3.Bc4 Bg4 4.Nc3 g6
5.Nxe5 Bxd1 6.Bxf7+ Ke7 7.Nd5#
```

இதைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் ஒரு மாதத்துக்குக் குதிரையால் e5-ஐ அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதில் பாதி தோல்வி. மேலே உள்ள வரிசையில் கறுப்பின் ராணிப்பக்கக் குதிரை இன்னும் வீட்டிலேயே, b8-இல் இருக்கிறது. அது c6-க்கு வந்திருந்தால், கறுப்பு ராணியைத் தொடாமல் அந்தக் குதிரையால் e5-இல் திருப்பி அடிக்கும். அங்கே நின்றுகொண்டு g4 பிஷப்பையும் காக்கும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய்க்குக் குதிரை நஷ்டம். மேட்டைச் சொல்லித் தருகிறவர்கள் c6-ஐப் பார்க்கவும் சேர்த்துச் சொல்லித் தர வேண்டும், பலர் சொல்வதில்லை.

போன மாதம் அதே ஹாலில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. எதிரே நடுவயதுக்காரர் ஒருவர், எனக்கு மறுபடியும் கறுப்பு, மறுபடியும் இத்தாலிய ஆட்டம். ஆறாவது நகர்வில் பிஷப் g5-க்கு வந்தது. நான் ராஜாவைத் தொடாமல் h6 ஆடினேன். அவர் குதிரையை அடித்தார், நான் ராணியால் எடுத்தேன், அவர் குதிரை d5-க்கு வந்தது, என் ராணி d8-க்குத் திரும்பியது. நாற்பத்தொன்றாவது நகர்வில் டிரா.